எந்தச் சட்டம் உனக்கு அனுமதி தந்தது?

1762 நவம்பர் 11 அன்று, லண்டனின் கிழக்குப் பகுதியான ஸ்டெப்னியில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் நான்கு பேர் நுழைந்தார்கள். 'அரசரின் ஏவலர்கள்' என்று அழைக்கப்பட்ட அரசுப் பணியாளர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் பெயர் நேதன் கேரிங்டன். நான்கு மணி நேரம் அவர்கள் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. அறைக் கதவுகளைத் திறந்தார்கள், பெட்டிகளின் பூட்டுகளை உடைத்தார்கள், மேசை இழுப்பறைகளைக் குடைந்தார்கள், என்டிக்கின் சொந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். போகும்போது கட்டுக் கட்டாக எழுத்துகளையும் அச்சுப் பிரசுரங்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். என்டிக்கையும் அழைத்துச் சென்றார்கள்.

அவர்கள் திருடர்களல்லர். கையில் ஓர் ஆணை இருந்தது. அதில் கையெழுத்திட்டவர் ஹாலிஃபாக்ஸ் பிரபு, அரசரின் மிக மூத்த அமைச்சர்களில் ஒருவர். அரசைக் கடுமையாகத் தாக்கி எழுதிவந்த ஒரு வாரப் பத்திரிகையில் என்டிக்குக்குப் பங்கு இருப்பதாகச் சந்தேகம். ஆகவே அவரையும் அவருடைய காகிதங்களையும் பிடித்து வரும்படி ஆணை சொன்னது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் பேசாமல் இருந்திருப்பார்கள். ஆணையிட்டவர் அமைச்சர், அவருக்கு மேலே அரசர். இதற்குமேல் யாரிடம் போய் முறையிடுவது? ஆனால் என்டிக் வழக்குப் போட்டார். போட்டது அமைச்சர் மீது அல்ல, தம் வாசலைத் தாண்டி உள்ளே வந்த கேரிங்டன் மீதும் அவருடைய கூட்டாளிகள் மூவர் மீதும். குற்றச்சாட்டும் மிகச் சாதாரணமானது. அனுமதி இல்லாமல் என் வீட்டுக்குள் நுழைந்தார்கள், என் பொருளை எடுத்தார்கள், இழப்பீடு தரட்டும் என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்து பொருளை எடுத்துப்போனால் எப்படி வழக்குப் போடுவாரோ, அதே மாதிரி வழக்கு.

சட்டத்தின் ஆட்சி என்ற தொடரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்ற வரியும் அதன் பக்கத்தில் இருக்கும். அந்த வரி என்ன சொல்கிறது என்பதை இந்த ஒரு வழக்கிலேயே பார்த்துவிடலாம். அரசின் ஆளும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எந்தச் சட்டம் உனக்கு அனுமதி தந்தது என்பதே அந்தக் கேள்வி.

ஒரு குழப்பத்தை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். சட்டங்கள் நிறைய இருப்பதும், அவற்றை மக்கள் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதும் சட்டத்தின் ஆட்சி ஆகிவிடாது. மிகக் கொடுமையான அரசுகளிலும் கட்டுக் கட்டாகச் சட்டங்கள் இருந்திருக்கின்றன, மக்கள் அஞ்சி அஞ்சி அவற்றுக்குக் கீழ்ப்படிந்தும் இருக்கிறார்கள். அங்கே சட்டம் ஆள்பவரின் கையில் இருந்த கோல். அந்தக் கோல் ஆள்பவரின் தலைக்கு மேலும் இருந்தால்தான் சட்டம் ஆள்கிறது என்று சொல்ல முடியும்.

கண்ணகி பாண்டியனிடம் வழக்குரைத்த கதை நமக்குத் தெரியும். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்று அரசன் சொன்னான், கோவலன் கொல்லப்பட்டான். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, குற்றம் சாட்டப்பட்டவன் வாய்திறக்க ஓர் இடம்கூட இல்லை. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியதும், தானே கள்வன் என்று உணர்ந்து அரசன் உயிர்விட்டான். அந்த மனச்சான்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த அரசனுக்கு அப்படியொரு மனச்சான்று இல்லாமல் இருந்திருந்தால்? கண்ணகிக்கு வேறு எந்தக் கதவும் கிடையாது. ஆள்பவர் நல்லவராக இருப்பாரா என்பதை நம்பி இருக்கத் தேவையில்லாத ஓர் ஏற்பாடுதான் நாம் பேசும் விஷயம். ஹாலிஃபாக்ஸ் நல்லவரா கெட்டவரா என்று என்டிக் வழக்கில் யாரும் ஆராயவில்லை. அதற்கான தேவையே அங்கு எழவில்லை.

நீதிமன்றத்தில் நடந்தது

வழக்கில் ஜூரிகள் இருந்தார்கள். என்ன நடந்தது என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்தார்கள். இத்தனை மணி நேரம் வீட்டில் இருந்தார்கள், இன்னின்ன செய்தார்கள், இந்த ஆணையின் பேரில் செய்தார்கள் என்று எழுதிவைத்தார்கள். இது சட்டப்படி தவறு என்றால் என்டிக்குக்கு 300 பவுண்டு இழப்பீடு என்றும் சொன்னார்கள். தவறா இல்லையா என்ற சட்டக் கேள்வியை மட்டும் நீதிபதிகளிடம் விட்டார்கள். தீர்ப்பு 1765-ல் வந்தது. அதை வாசித்தவர் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு.

ஏவலர்களின் தரப்பு வெறும் கையோடு வரவில்லை. அவர்கள் வைத்த வாதங்கள் இன்றும் எங்காவது ஒரு மூலையில் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால் அவற்றை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலாவது, 'இது காலங்காலமாக நடந்து வருவதுதான்' என்ற வாதம். பல பத்தாண்டுகளாக அமைச்சர்கள் இப்படிப்பட்ட ஆணைகளைப் பிறப்பித்து வந்திருக்கிறார்கள், யாரும் எதிர்க்கவில்லை, ஆகவே அது சட்டம் ஆகிவிட்டது என்றார்கள். கேம்டன் இதை ஏற்கவில்லை. அதுவரை இந்த ஆணைகளுக்கு ஆளானவர்கள் யார்? ஏற்கெனவே சிக்கலில் மாட்டிக்கொண்ட சில புத்தக வியாபாரிகள். தண்டனைக்குப் பயந்து அவர்கள் வாய்மூடி இருந்ததை, நாட்டு மக்கள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் என்று எப்படி ஏற்பது என்று கேட்டார். ஓர் அலுவலகத்தின் பழக்கம் அந்த அலுவலகத்தின் பழக்கம்தான். எத்தனை ஆண்டு தொடர்ந்தாலும் அது சட்டமாகாது.

இரண்டாவது வாதம் இன்னும் வலிமையானது. அரசைக் காக்க இது தேவை, இப்படிச் செய்யாவிட்டால் நாட்டுக்கு ஆபத்து என்றார்கள். இதைக் கேட்டால் நம்மில் பலருக்கும் மனம் கொஞ்சம் இளகும். கேம்டனின் பதில், நம் சட்டத்துக்கு அந்த மாதிரி வாதம் புரியாது என்பதாக இருந்தது. ஆபத்தே வராது என்று அவர் சொல்லவில்லை. தேவை என்பதை அமைச்சர் தாமே முடிவு செய்து, அதற்கான அதிகாரத்தையும் தாமே எடுத்துக்கொள்ள முடியாது என்றே சொன்னார். உண்மையிலேயே தேவை என்றால் சட்டம் இயற்றும் மன்றத்திடம் போய்க் கேட்கலாம். அங்கே எதிர்க்கேள்வி வரும், எல்லை வகுக்கப்படும், அதிகாரம் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கும்.

இந்த இரண்டு வாதங்களையும் ஒதுக்கியபின் மிஞ்சுவது ஒரே கேள்வி. இந்த அதிகாரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இது சட்டமாக இருந்தால் நம் சட்ட நூல்களில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இது சட்டமல்ல என்றார் கேம்டன். நூல்களைப் புரட்டியதில் அப்படி எதுவும் இல்லை. நூல்களின் அந்த மௌனமே ஏவலர்களுக்கு எதிரான சான்றாயிற்று. அமைச்சரின் கையெழுத்துக்கு எந்த மதிப்பும் இல்லாமல் போனது. ஏவலர்கள் தோற்றார்கள்.

தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மௌனத்தைப் பற்றிய வாதம்தான். அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் மாலையில் பூங்காவுக்கு நடந்து போகிறீர்கள். அதற்கு எந்தச் சட்டம் அனுமதி தந்தது என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது. சட்டம் தடுக்காத வரை நீங்கள் எதையும் செய்யலாம். உங்களைப் பொறுத்தவரை சட்டத்தின் மௌனம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஓர் அதிகாரி உங்கள் வீட்டுக்குள் வர வேண்டும் என்றாலோ நிலைமை தலைகீழ். சட்டம் அனுமதித்தால் மட்டுமே அவர் வரலாம். அவரைப் பொறுத்தவரை சட்டத்தின் மௌனம் அவருக்கு எதிராக நிற்கிறது. நாளிதழில் ஒரு செய்தி படிக்கும்போது, அரசு செய்ததைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லையே என்று யாராவது வாதிட்டால் கவனியுங்கள். அவர் குடிமக்களுக்கான அளவுகோலை எடுத்து அரசை அளக்கிறார்.

இதிலிருந்து அரசுக்குக் கையும் காலும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அரசு வரி வாங்கலாம், குற்றவாளியைக் கைது செய்யலாம், வீட்டைச் சோதனையும் போடலாம். அன்றைய சட்டமே திருட்டுப் பொருளைத் தேடி ஒரு வீட்டைச் சோதிக்க அனுமதித்தது. ஏவலர்களும் அதைச் சுட்டிக்காட்டித்தான், திருட்டுப் பொருளுக்குத் தேடலாம் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டார்கள். கேம்டன் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

திருட்டுப் பொருளைத் தேட வேண்டுமானால், பொருளை இழந்தவர் முதலில் சத்தியம் செய்து புகார் தர வேண்டும். பொருள் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கும் சத்தியம் செய்ய வேண்டும். சோதனையின்போது அவரும் கூடவே வந்து, இதுதான் என் பொருள் என்று காட்ட வேண்டும். அவர் சொன்ன அடையாளத்தோடு பொருந்துகிறதா என்று அதிகாரி பார்க்க வேண்டும். கடைசியாக, பொருள் கிடைக்காவிட்டால் புகார் தந்தவரே அத்துமீறி நுழைந்தவராகிப் பதில் சொல்ல வேண்டும். என்டிக்கின் வீட்டில் இதில் ஒன்றாவது இருந்ததா? எந்தக் காகிதம் வேண்டும் என்று ஆணை குறிக்கவில்லை, எல்லாவற்றையும் அள்ளச் சொன்னது. எடுத்தவற்றுக்குப் பட்டியல் போட வேண்டும் என்ற விதி இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கச் சாட்சி தேவையில்லை. ஒன்றும் கிடைக்காமல் போனால் பொறுப்பேற்க யாரும் இல்லை. குற்றமற்றவர் வீட்டிலும் குற்றவாளி வீட்டிலும் ஒரே மாதிரி நுழையலாம்.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு மாணவியின் கணக்குப்பெட்டி காணவில்லை. அவள் புகார் சொல்கிறாள், பெட்டியின் நிறமும் அதன்மேல் ஒட்டிய பெயரும் என்ன என்று சொல்கிறாள். அவள் முன்னிலையில், இன்னொரு ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தேகப்படக் காரணம் உள்ள ஒரு பையை மட்டும் ஆசிரியர் திறந்து பார்க்கிறார். இது ஒரு வகை. காரணம் எதுவும் சொல்லாமல், தமக்குப் பிடிக்காத ஒரு மாணவனின் பையைத் தனியே எடுத்துப்போய், அவன் நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார் என்றால் அது வேறு வகை. இரண்டிலும் நடப்பது பைச் சோதனைதான். முதல் ஆசிரியரின் அதிகாரத்துக்குக் கரை இருக்கிறது, இரண்டாமவருடையதற்கு இல்லை.

எழுத்தில் சமம், நடப்பில் இல்லை

என்டிக் வழக்கைப் படித்ததும், எழுதிய சட்டம் ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். போதாது என்பதைக் காட்ட இன்னொரு வழக்கு இருக்கிறது. அது அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோவில் சலவைக் கடைகளைப் பற்றி எழுந்தது.

1880-ல் அந்த நகரம் ஒரு விதி போட்டது. செங்கல் அல்லது கல் கட்டடம் தவிர வேறு எந்தக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்தினாலும் நகர மேற்பார்வைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. சலவைக் கடையில் இரவும் பகலும் அடுப்பு எரியும், மரக் கட்டடம் எளிதில் தீப்பிடிக்கும். இனம், நாடு, நிறம் என்று ஒரு சொல்கூட விதியில் கிடையாது. எல்லோருக்கும் ஒரே விதி.

ஆனால் அனுமதி எந்த அடிப்படையில் தரப்படும் என்றும் அந்த விதி ஒரு சொல் சொல்லவில்லை. குழு விரும்பினால் தரும், விரும்பாவிட்டால் தராது. அந்த நகரில் அப்போது ஏறத்தாழ 320 சலவைக் கடைகள் இருந்தன. அவற்றில் சுமார் 240 சீனர்களுடையவை. எல்லாக் கடைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 310 மரக் கட்டடங்களில் இருந்தன, அந்த நகரத்து வீடுகளிலும் பெரும்பகுதி மரம்தான். அனுமதி கேட்டு விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் மறுக்கப்பட்டது. சீனரல்லாதவர்கள் சுமார் 80 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது.

யிக் வோ என்ற பெயரில் வழக்கில் பதிவானவர் அதே கட்டடத்தில் 22 ஆண்டுகளாகச் சலவைத் தொழில் செய்தவர். தீத்தடுப்பு அதிகாரிகள் கடையைப் பார்த்துச் சான்று கொடுத்திருந்தார்கள். சுகாதார அதிகாரியின் சான்றும் இருந்தது. அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் அவர் தொழிலை விடவில்லை. 10 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் கட்டாததால் 10 நாள் சிறை. அவரைச் சிறையில் வைத்திருந்த ஷெரீஃபின் பெயர் ஹாப்கின்ஸ், அதனால்தான் வழக்குக்கு யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ் என்று பெயர். 1886-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் எழுத்தில் நடுநிலையாகத் தோன்றினாலும், அதைத் தீய கண்ணோடும் சமமற்ற கையோடும் செயல்படுத்தினால் அது சமத்துவத்தை மறுப்பதுதான் என்று நீதிபதி ஸ்டான்லி மேத்யூஸ் எழுதினார்.

இந்தத் தீர்ப்பில் எளிதில் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய ஒரு விஷயம் உண்டு. யிக் வோ அமெரிக்கக் குடிமகன் அல்லர். அந்நாட்டு அரசமைப்பின் 14-வது திருத்தம் சமப் பாதுகாப்பைக் 'குடிமகனுக்கு' என்று எழுதவில்லை, 'எந்த ஒரு நபருக்கும்' என்று எழுதியது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றம் அவருக்கும் அந்தப் பாதுகாப்பைத் தந்தது. அதே காலத்தில் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுத்த 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வழக்கில் ஒருவர் ஜெயித்ததால் அந்தச் சமூகத்தின் மீதிருந்த பகை தீர்ந்துவிடவில்லை.

ஒரு விதி எல்லோரையும் சமமாக நடத்துகிறதா என்று பார்க்க, அதன் எழுத்தைப் படிப்பது பாதி வேலை. யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பது மீதிப் பாதி. சட்டம் ஒரு வரியில் 'அதிகாரி தம் விருப்பப்படி' என்று விட்டுவிட்டால், அங்கேதான் முதலில் எண்ணத் தொடங்க வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வார் என்பதும், முடிவுக்கு என்ன காரணம் என்பதும் எழுத்தில் வந்தாக வேண்டும் என்றிருந்தால் அந்த 200 விண்ணப்பங்களையும் அத்தனை எளிதாகத் தள்ளியிருக்க முடியாது. தீத்தடுப்புச் சான்று உள்ள கடைக்கு என்ன காரணத்தை எழுதுவது?

அப்படியானால் எல்லோரையும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி நடத்த வேண்டுமா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறது, யாரும் அதைச் சமத்துவ மீறல் என்பதில்லை. ஏனென்றால் அந்த விலக்கு உள்ளே இருக்கும் ஆளுக்காகத் தரப்பட்டதல்ல, உயிர் காக்கும் வேலைக்காகத் தரப்பட்டது. நாளை உங்களை ஏற்றிக்கொண்டு போனாலும் அது அதே மாதிரிதான் தாண்டிப் போகும். அதே ஆம்புலன்ஸில் ஓட்டுநர் தம் நண்பரை ஏற்றிக்கொண்டு திருமணத்துக்குப் போகிறார் என்றால் அந்த விலக்கு அவருக்குக் கிடையாது. வேறுபாட்டுக்கான காரணம் விதியின் நோக்கத்தோடு ஒட்டியிருக்கிறதா, அந்த நிலையில் உள்ள யாருக்கும் பொருந்துமா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். தீ விபத்தைத் தடுக்கும் விதியில் மரக் கட்டடத்தையும் கல் கட்டடத்தையும் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. சீனரின் மரக் கட்டடத்தையும் மற்றவரின் மரக் கட்டடத்தையும் பிரிக்க எந்தக் காரணமும் இல்லை.

சட்டத்தையே மாற்றினால்?

என்டிக் வழக்கில் கேம்டன் தொடாத ஓர் இடம் இருக்கிறது. நூல்களில் இல்லை, ஆகவே சட்டமல்ல என்றார். சரி, நாளையே நூலில் எழுதிவிட்டால்? அன்றைய இங்கிலாந்தில் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் போட்டிருந்தால் நீதிமன்றத்தால் தடுத்திருக்க முடியாது. அதிகாரத்தில் இருப்பவர் சட்டம் இயற்றும் மன்றத்திலும் பெரும்பான்மை வைத்திருந்தால், சட்டத்தை மீற வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. தமக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் பல நாடுகள் எழுதப்பட்ட அரசமைப்பை வைத்துக்கொண்டன. சாதாரணச் சட்டங்களுக்கு மேலே அது இருக்கும், அதற்கு ஒவ்வாத சட்டத்தை நீதிமன்றம் தள்ளிவிடும். ஆனால் அரசமைப்பையே திருத்த முடியுமே?

அது உண்மையாகவே நடந்தது. 1971 தேர்தலில் ரேபரேலி தொகுதியில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி வென்றார். தோற்ற வேட்பாளர் ராஜ் நாராயண், தேர்தல் சட்டத்தை மீறி அரசு ஊழியர்களின் உதவி பயன்படுத்தப்பட்டது என்று வழக்குப் போட்டார். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா அந்தத் தேர்தல் செல்லாது என்றார். ஒரு வேட்பாளருக்கு உள்ள விதிதான் பிரதமருக்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 13 நாள் கழித்து நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, ஆகஸ்ட் 10 அன்று அரசமைப்பின் 39-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் 329-ஏ என்ற புதிய உறுப்பு சேர்க்கப்பட்டது. பிரதமரின் தேர்தலுக்கு முந்தைய தேர்தல் சட்டங்கள் பொருந்தாது, எந்த நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும் அந்தத் தேர்தல் செல்லும் என்று அதன் நான்காம் பிரிவு சொன்னது.

ஒரு சட்டம் என்பது இனி வரப்போகும் யாருக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுதப்படுவது. யார் அதில் மாட்டுவார், யார் தப்புவார் என்று எழுதும்போது தெரியாமல் இருப்பதே அதன் நேர்மை. இந்தப் பிரிவு அப்படி எழுதப்படவில்லை. உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒரு வழக்கின் முடிவை ஒருவருக்குச் சாதகமாக மாற்றி எழுதியது. அது சட்டத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வந்த தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அங்கே இரு தரப்பும் பேச வேண்டும், சாட்சியம் பார்க்க வேண்டும். இங்கே எதிர்த் தரப்பைக் கேட்காமலே, எந்தச் சட்டத்தையும் பொருத்திப் பார்க்காமலே, முடிவு மட்டும் வந்துவிட்டது.

1975 நவம்பர் 7 அன்று, நெருக்கடி நிலை நீடித்துக்கொண்டிருக்கும்போதே, ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்த நான்காம் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. அரசமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்ற 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடிப்படையாக வைத்து அப்படிச் சொன்னது.

அதே தீர்ப்பில் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லும் என்றும் முடிவானது. எப்படி? அரசமைப்புத் திருத்தத்துக்குச் சில நாள் முன்னதாகத் தேர்தல் சட்டத்திலும் நாடாளுமன்றம் மாற்றங்கள் செய்திருந்தது. எந்தச் செயல்களுக்காக அலகாபாத்தில் அவர் தோற்றாரோ, அவை குற்றமாகாதபடி பின்தேதியிட்டுத் திருத்தியிருந்தது. அந்தத் திருத்தம் பெயரளவில் எல்லா வேட்பாளருக்கும் பொதுவானது. நாடாளுமன்றத்துக்கு அப்படித் திருத்த அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. எழுத்தில் பொதுவாக இருந்த அந்தச் சட்டத்தை, யிக் வோ வழக்கில் செய்தது போல, இது நடப்பில் யாருக்காக என்று நீதிமன்றம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சட்ட அறிஞர்களிடையே இதில் இரு கருத்து உண்டு.

1977 மார்ச்சில் ரேபரேலியில் இந்திரா காந்தியும் ராஜ் நாராயணும் மறுபடி மோதினார்கள். இந்த முறை ராஜ் நாராயண் வென்றார். 1978-ல் வந்த 44-வது திருத்தம் 329-ஏ உறுப்பை அரசமைப்பிலிருந்து முழுவதுமாக நீக்கியது.